விழாமலே புள்ளி எங்கே போகிறது? பீமை முன்வைத்து ஜிம்னாஸ்டிக் புள்ளிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெறாமகளுக்கு வயது பதின்மூன்று. அவளைப் பயிற்சிக்குக் கூட்டிச் சென்று, முடியும்வரை வெளி விறாந்தையில் மற்றப் பெற்றோருடன் காத்திருப்பது சில ஆண்டுகளாக என் மாலை வேலை. நடுவர்களின் விதிநூலை வாசித்துப் பழகியவன் என்பதால், புள்ளிப் பலகையில் தெரிகிற இலக்கங்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. திருகோணமலையில் அந்த விறாந்தையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பெண்களின் பீம், அதாவது சமநிலைச் சட்டத்தை வைத்தே விளக்கியிருக்கிறேன்; புள்ளி எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்பது அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

பிள்ளை ஒருக்காலும் விழவில்லை, ஆனால் 11.55 தானாம். இது எத்தனைக்கு?

இதற்கு உச்ச எல்லை இல்லை. பலகையில் தெரிவது இரண்டு தனித்தனிக் கணக்குகளின் கூட்டுத்தொகை. ஒன்று கடினப் புள்ளி: பிள்ளை என்ன செய்தாள் என்பதற்குரியது, சுழியத்திலிருந்து மேலே ஏறும். மற்றது செய்நேர்த்திப் புள்ளி: செய்ததை எவ்வளவு பிசகில்லாமல் செய்தாள் என்பதற்குரியது, பத்திலிருந்து கீழே இறங்கும். நேரம், எல்லைக்கோடு போன்றவற்றுக்கான தண்டக் கழிவு ஏதும் இருந்தால் கடைசியில் குறைக்கப்படும்.

பத்துக்குப் பத்து என்ற நினைவு நம்மில் பலருக்கு இன்னும் இருப்பதற்குக் காரணம் 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக். ருமேனியாவின் நாடியா கொமனச்சி அங்கே பெற்ற பத்தைக் காட்டப் பலகையில் இடமில்லாமல் 1.00 என்று விழுந்தது. அந்த முறை 2006 இல் கைவிடப்பட்டது. எனவே 11.55 என்பதைப் பரீட்சைப் புள்ளியைப் போல வாசிக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் புள்ளித் துண்டில் இருந்தது இதுதான்; D கடினப் புள்ளி, E செய்நேர்த்திப் புள்ளி:

```
D 3.800 + E 7.850 - 0.100 = 11.550
```

இந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பதே கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவற்றின் வேலை. துண்டு என் பெறாமகளுடையது. அவளுடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன்.

அந்த 3.8 எங்கிருந்து வந்தது?

கடினப் புள்ளியைத் தீர்மானிப்பதற்கென்றே தனி நடுவர்கள் இருவர் இருக்கிறார்கள். செய்நேர்த்தியைப் பார்க்கும் நடுவர்களுக்கு இதில் பங்கில்லை.

விதிநூலில் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, சி என்றால் 0.3, டி என்றால் 0.4 என்று மேலே போகும். பீமில் இறங்கும் அசைவையும் சேர்த்து மிக உயர்ந்த எட்டு மட்டும் எண்ணப்படும். ஒன்பதாவதாக எதைச் செய்தாலும் அதற்குப் பெறுமதி சேராது. பிழை விட்டால் கழிவு மட்டும் சேரும்.

அவளுடைய எட்டும் இவை. சுவிட்ச் லீப், அதாவது முன்னே வீசிய காலை அந்தரத்தில் மாற்றி மறுகாலை நீட்டும் தாவல், சி. அதனோடு நிற்காமல் இணைத்து, ஒரு காலை மடித்து மறுகாலை முன்னே நீட்டிக் குதிக்கும் வுல்ப் ஜம்ப், ஏ. ஒற்றைக்காலில் முழுச்சுற்று, ஏ. பின்பக்கமாகக் கை ஊன்றிப் பாயும் பிளிக், பி. அதைத் தொடர்ந்து கை ஊன்றாமல் உடலை நீட்டியபடி பின்னே சுழன்று ஒவ்வொரு காலாக இறங்கும் லேஅவுட், சி. கை ஊன்றாமல் பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழலும் கார்ட்வீலான சைட் ஏரியல், டி. சாதாரண ஸ்பிளிட் லீப், ஏ. இரட்டை முறுக்குடன் இறங்குவது, சி. கூட்டினால் 1.8 மட்டுமே வருகிறது.

மீதி 2.0 எழுத்துகளிலிருந்து வரவில்லை. பீமில் நான்கு அமைப்பு நிபந்தனைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 0.5. இரண்டு வெவ்வேறு நடன அசைவுகள் இணைந்திருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று கால்கள் 180 பாகை விரியும் தாவலாக இருக்க வேண்டும். சுற்று ஒன்று இருக்க வேண்டும். அந்தரத்தில் பறக்கும் இரண்டு வித்தைகள் இணைந்த ஒரு தொடர் இருக்க வேண்டும், அதில் ஒன்று கை ஊன்றாமல் அந்தரத்தில் தலைகீழாகச் சுழலும் சோல்ட்டோவாக இருக்க வேண்டும். வித்தைகள் முன் அல்லது பக்கவாட்டுத் திசையிலும் பின் திசையிலும் அமைய வேண்டும். நான்கும் நிறைவேறியதால் 2.0 கிடைத்து 3.8 ஆனது. கடினமான அசைவுகளை இணைத்தால் கிடைக்கும் மேலதிக இணைப்புப் புள்ளி அவளுடைய தொடரில் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த மட்டத்தில் உள்ள பிள்ளையின் கடினப் புள்ளியில் பாதிக்கு மேல், அவள் எதைக் கடினமாகச் செய்தாள் என்பதற்காகக் கிடைப்பதில்லை. கேட்கப்பட்டவை எல்லாம் தொடரில் இருந்ததற்காகக் கிடைக்கிறது. பெற்றோர் சோல்ட்டோக்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு வேறிடத்தில் நடக்கிறது.

விழாமலே செய்நேர்த்தியில் இரண்டு புள்ளி எப்படிப் போகும்?

கழிவுகளுக்கு நான்கு அளவுகளே உள்ளன. சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, விழுந்தால் 1.0. இடையில் 0.2 கிடையாது. சற்று வளைந்த முழங்கால் 0.1, நன்றாக வளைந்தால் 0.3, தொண்ணூறு பாகைக்கு மடங்கினால் 0.5. தள்ளாட்டமும் இப்படித்தான்: கை சற்று அசைந்தால் 0.1, இடுப்பு மடிந்து கால் உயர்ந்தால் 0.3 அல்லது 0.5, விழாதிருக்கச் சட்டத்தைப் பிடித்தால் 0.5.

அவளுடைய தொடரை ஒரு நடுவர் இப்படிக் குறித்திருந்தார். சுவிட்ச் லீப்பில் கால்விரிவு சற்றுக் குறைவு, 0.1. வுல்ப் ஜம்பில் உயரம் போதாது, 0.1. சுற்றில் சிறு அசைவு, 0.1. பிளிக்கில் முழங்கால், 0.1. லேஅவுட்டில் முழங்காலுக்கு 0.1, அதன் பின்னான தள்ளாட்டத்துக்கு 0.3. சைட் ஏரியலுக்குப் பின் பெருந்தள்ளாட்டம், 0.5. ஸ்பிளிட் லீப், 0.1. இறங்கும்போது கால்கள் சற்று விலகியதற்கு 0.1, பெரிய காலடி ஒன்று எடுத்து வைத்ததற்கு 0.3. தாளம், நம்பிக்கை, உடல் நிலை ஆகிய கலைத்தன்மைக் குறைகளுக்கு மொத்தம் 0.3. கூட்டினால் 2.1. பத்திலிருந்து எடுத்தால் 7.9.

வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு அவள் இரண்டு தடவை ஆடினாள் என்று மட்டுமே தெரிந்தது. அந்த இரண்டும் சேர்ந்து 0.8 தான். மிச்சம் 1.3 உம் நாம் பார்த்தும் பாராத இடங்களில் பத்தில் ஒன்றாகவும், இறங்கும்போது வைத்த அந்தக் காலடியிலும் போயிருக்கிறது.

ஒரு நடுவர் 8.1, இன்னொருவர் 7.4. யார் சரி?

யாரும் பிழையில்லை. நடுவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே குறிக்கிறார்கள். அன்று நால்வர் இருந்தார்கள். அவர்களின் புள்ளிகள் 8.1, 7.9, 7.8, 7.4. மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் விடப்பட்டு, நடுவிலுள்ள இரண்டின் சராசரி எடுக்கப்பட்டது: 7.85. பெரிய போட்டிகளில் நடுவர்களின் எண்ணிக்கை கூடும். மேலும் கீழும் வெட்டி நடுவை எடுக்கும் முறை அதேதான். ஆகவே 7.4 கொடுத்தவர்மீது கோபப்படுவதில் பொருளில்லை. அவருடைய இலக்கம் கணக்கில் சேரவேயில்லை. அவர் 7.0 போட்டிருந்தாலும் முடிவு மாறியிராது.

0.3 க்கும் 0.5 க்கும் இடையில் ஒரு தள்ளாட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு பிறக்கிறது. சட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் இருப்பவருக்குக் கால்விரிவு தெளிவாகத் தெரியும். ஓரத்தில் இருப்பவருக்கு இடுப்புச் சரிவு தெளிவாகத் தெரியும்.

விழுந்தால் ஒரு புள்ளி, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் நன்றாக இருக்கும். விழுதல் செய்நேர்த்தியில் 1.0 ஐ எடுக்கும். ஆனால் அது எந்த இடத்தில், எந்த விதமாக நிகழ்ந்தது என்பதைப் பொறுத்துக் கடினப் புள்ளியிலும் ஓட்டை விழலாம். பலகையைப் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத இழப்பு இதுதான்.

பிளிக்கும் லேஅவுட்டும் இணைந்த தொடரை எடுத்துக்கொள்வோம். லேஅவுட்டில் சுழன்று காலைச் சட்டத்தில் வைத்துவிட்டு, பிறகு சரிந்து விழுகிறாள் என்று வையுங்கள். கால் முதலில் சட்டத்தைத் தொட்டதால் அசைவு ஏற்றுக்கொள்ளப்படும். சி எழுத்தின் 0.3 இருக்கும், தொடருக்கான 0.5 உம் இருக்கும். இழப்பு 1.0 மட்டுமே.

அதே லேஅவுட்டில் கால் சட்டத்தைத் தொடாமலே பக்கத்தில் மெத்தையில் விழுந்தால் கதை வேறு. அசைவு நடக்கவில்லை என்றே கொள்ளப்படும். 1.0 உடன் 0.3 உம் போகும். சோல்ட்டோ இல்லாததால் தொடரும் இல்லை; அதற்கான 0.5 உம் போகும். மொத்தம் 1.8. இரண்டும் பார்ப்பவருக்கு ஒரே விழுதல். இடையிலுள்ள வேறுபாடு பாதம் சட்டத்தைத் தொட்டதா என்ற அரைச் செக்கன் கேள்வி. பயிற்றுநர்கள் "காலை வை, காலை வை" என்று கத்துவதன் பொருள் இதுதான். விழப்போகிறோம் என்று தெரிந்த பின்னும் காலை வைக்கத்தான் வேண்டும்.

விழாமலே இழப்பதும் உண்டு, அது இன்னும் மோசம். பிளிக் முடிந்ததும் ஒரு தள்ளாட்டம். சமாளித்து, கையை விரித்து நிதானித்து, பிறகு லேஅவுட்டை அழகாகச் செய்கிறாள். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் நடுவில் நின்றதால் இணைப்பு அறுந்துவிட்டது. தள்ளாட்டத்துக்கு 0.3, தொடர் நிபந்தனைக்கு 0.5, ஆக 0.8. அறுந்த தொடரைப் பின்னர் இன்னொரு பிளிக்கும் சோல்ட்டோவும் செய்து மீட்கலாம் என்றாலும், ஒருமுறை செய்த அசைவுக்கு மறுபடி எழுத்துப் பெறுமதி கிடைக்காது. நேரமும் 90 செக்கன்தான். நான் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் அதை நினைத்துப் பார்ப்பதுமில்லை.

சட்டத்திலிருந்து விழுந்தவருக்கு மீண்டும் ஏற 10 செக்கன் உண்டு. அதை முழுவதும் பயன்படுத்துவதில் வெட்கமில்லை. எங்கள் ஊரின் உப்புக் காற்றில் உள்ளங்கை ஈரம் காய்வதேயில்லை. சோக்குத் தூளைத் தொட்டுவிட்டு ஏறுவது மேல்.

ஒரு முழுச்சுற்று வெறும் ஏ. அதற்கேன் இவ்வளவு நேரம் பழக்குகிறார்கள்?

அவளுடைய தொடரில் சுற்று அது ஒன்றுதான் என்பதால், அதன் உண்மையான பெறுமதி 0.1 அல்ல, 0.6. எழுத்துக்கு 0.1, சுற்று நிபந்தனைக்கு 0.5.

சுற்று எங்கே முடிகிறது என்பதை நடுவர் தாங்கும் காலின் குதிகாலை வைத்துத் தீர்மானிக்கிறார். முன்பாதத்தில் நின்று சுழலும்போது குதிகால் சட்டத்தில் இறங்கிய கணத்தோடு சுற்று முடிந்தது. அதன் பின் உடல் திரும்பினாலும் அது எண்ணப்படாது. 360 பாகைக்கு 30 பாகை அல்லது அதற்கு மேல் குறைவாக இருக்கும்போது குதிகால் இறங்கிவிட்டால், அதை முழுச்சுற்றாக ஏற்கமாட்டார்கள். சட்டம் 10 சென்ரிமீற்றர் அகலம். தள்ளாடப் போகிறோம் என்ற பயத்தில் குதிகாலைச் சீக்கிரம் இறக்குவது இயல்பான எதிர்வினை. அந்தப் பயம் 0.6 ஐக் கொண்டுபோகிறது. மாறாக, குதிகாலை இறக்காமல் முழுதும் சுற்றி, முடிந்த பின் பலமாகத் தள்ளாடினாலும் இழப்பு 0.5 தான்.

வீட்டு விறாந்தையில், தரையில் ஒட்டிய ஒரு நாடாவின் மேல் இதைப் பழகலாம். எங்கள் வீட்டில் அந்த நாடா இன்னும் இருக்கிறது. என் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

கடினமானதைச் செய்வதா, இருப்பதைச் சுத்தமாகச் செய்வதா?

பொதுவான பதில் இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் தனியே கணக்குப் போட வேண்டும். துண்டையே எடுத்துக்கொள்வோம்.

இறங்கும் அசைவு இரட்டை முறுக்கு, சி, 0.3. அதில் அவளுக்குப் போனது 0.4. அதற்குப் பதில் ஒற்றை முறுக்குடன் இறங்கினால் பி, 0.2. எழுத்தில் 0.1 இழப்பு. ஆனால் ஒற்றை முறுக்கை அவள் பயிற்சியில் பெரும்பாலும் 0.1 கழிவுக்குள் முடிக்கிறாள். எனவே செய்நேர்த்தியில் 0.3 மீளும். இந்த மாற்றம் 0.2 இலாபம். முறுக்கு முழுதும் வராமல் பாதம் பக்கவாட்டில் தரையைத் தொடும்போது முழங்காலுக்கு வரும் ஆபத்தும் குறைகிறது. என்னைக் கேட்டால் அந்தக் காரணமே போதும்.

சைட் ஏரியலில் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே போனது 0.5 என்றாலும், அதை எடுத்துவிட்டால் எழுத்தில் 0.4 போகும், தொடரில் முன் அல்லது பக்கவாட்டுத் திசையில் உள்ள வித்தை வேறொன்றும் இல்லாததால் திசை நிபந்தனையின் 0.5 உம் போகும். தள்ளாட்டத்தோடு செய்தாலும் 0.4 மிச்சம். விழுந்தாலோ 1.0 கழிவு, 0.9 வரவு; ஏறத்தாழச் சமன். அந்த அசைவு பெரும்பாலான நாட்களில் சட்டத்தில் நிற்குமானால் வைத்திருக்கலாம், அடிக்கடி விழுமானால் திசை நிபந்தனையை நிறைவேற்றும் எளியதொன்றை அந்தப் போட்டியின் விதியில் பார்த்து மாற்றலாம். அவளுடைய பயிற்றுநர் வைத்திருக்கவே முடிவெடுத்தார்.

உயர்ந்த மட்டத்திலும் இதே தராசுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தரைப்பயிற்சி இறுதியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸின் கடினப் புள்ளி 6.9; பிரேசிலின் ரெபேக்கா அன்ட்ராடேயின் கடினப் புள்ளி 5.9. முழு ஒரு புள்ளி முன்னே நின்று தொடங்கியவர் பைல்ஸ். செய்நேர்த்தியில் அவருக்கு 7.833, அன்ட்ராடேக்கு 8.266. அதன் பின்னும் பைல்ஸே முன்னே இருந்தார். ஆனால் இரண்டு தடவை எல்லைக்கோட்டுக்கு வெளியே இறங்கியதற்காக 0.6 கழிக்கப்பட்டு 14.133 ஆனது, 14.166 பெற்ற அன்ட்ராடே தங்கம் வென்றார். கடினம் அவரை வீழ்த்தியது என்று இதை வாசிக்கக் கூடாது. அவ்வளவு வேகத்தோடு வரும் பாய்ச்சலை 12 மீற்றர் சதுரத்துக்குள் அடக்க முடியாத அன்றைய நாள் அவருக்கு 0.6 ஐச் செலவாக்கியது, அவ்வளவே.

அந்த 0.1 தண்டம் எதற்கு? நடுவர் மறந்து இரண்டு தடவை வெட்டிவிட்டாரா?

இல்லை. அவளுடைய தொடர் 93 செக்கன் எடுத்தது; பீமில் எல்லை 90. இது செய்நேர்த்தி நடுவர்களின் கையில் இல்லை. நேரம் பார்ப்பவர் தனியே அறிவிக்க, மொத்தத்திலிருந்து கழிக்கப்படுகிறது. தரைப்பயிற்சியில் கோடு பார்ப்பவர்களும் அப்படியே: ஒரு கால் வெளியே போனால் 0.1, இரண்டு காலும் போனால் 0.3. பைல்ஸின் 0.6 இப்படித்தான் வந்தது.

நேரக் கழிவு முற்றிலும் தவிர்க்கக்கூடியது என்பதால் எரிச்சலூட்டுகிறது. தள்ளாடிய ஒவ்வொரு தடவையும் நிதானிக்க இரண்டு செக்கன் சேர்கிறது. பயிற்சியில் 85 செக்கனில் முடிகிற தொடர் போட்டியில் 90 ஐத் தாண்டுவது இதனால்தான்.

வோல்ட்டில் ஒரே பாய்ச்சல். அங்கே எதைக் கூட்டுவது?

ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பாய்வதுதான் வோல்ட்; அங்கே கூட்ட ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் விதிநூலில் ஒரே இலக்கம் குறிக்கப்பட்டிருக்கும். அதுவே கடினப் புள்ளி. நிபந்தனைகள் இல்லை. அதனால் வோல்ட்டில் தராசு பட்டவர்த்தனமாகத் தெரியும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர் நான்காமிடம் பெற்றதை நம்மில் பலர் ரீவியில் பார்த்தோம். இறுதிப் போட்டியில் இரண்டு வெவ்வேறு பாய்ச்சல்களின் சராசரி எடுக்கப்படும். அவருடைய முதற் பாய்ச்சல் 14.866. இரண்டாவது புரோடுனோவா: கை ஊன்றி எழுந்து முன்னோக்கி இரண்டு தடவை சுருண்டு சுழல்வது. அதற்கு அன்று 7.0 பெறுமதி. மிகத் தாழ்ந்து குந்தியபடி தரையிறங்கினார், செய்நேர்த்தி 8.266, மொத்தம் 15.266. சராசரி 15.066. வெண்கலம் பெற்ற சுவிற்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்குரூபருக்கு 15.216. வேறுபாடு 0.150. சராசரி என்பதால், ஏதாவதொரு பாய்ச்சலில் 0.3 கூடுதலாகக் கிடைத்திருந்தால் சமன்; அதாவது ஒரேயொரு நடுத்தரப் பிழையின் விலை. அடுத்த ஆண்டு, 2017 இல் வந்த விதிநூலில் புரோடுனோவாவின் பெறுமதி 6.4 ஆகக் குறைக்கப்பட்டது. ஆபத்துக்கு ஏற்ற கூலி கிடைத்தால் தயாராகாதவர்களும் முயல்வார்கள் என்ற கவலை அதைச் சுற்றி எப்போதும் இருந்தது. அந்தக் கவலை நியாயமானது என்பது என் கருத்து.

புள்ளி பிழை என்று நினைத்தால் முறைப்பாடு செய்யலாமா?

கடினப் புள்ளியைப் பற்றிப் பயிற்றுநர் விசாரிக்கலாம். செய்நேர்த்திப் புள்ளியைப் பற்றி விசாரிக்க முடியாது. "முழங்கால் வளையவில்லை" என்பது முறைப்பாடு ஆகாது, "அந்தச் சுற்றை எண்ணினீர்களா?" என்பது ஆகும். பெற்றோர் நேரே நடுவர் மேசைக்குப் போகவும் முடியாது.

காலம் மிகக் குறுகியது. அடுத்த போட்டியாளரின் புள்ளி பலகையில் வருவதற்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும். கடைசியாக வந்தவருக்கு ஒரு நிமிடம். மேலே சொன்ன அதே பாரிஸ் இறுதியில் கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் 13.666 வந்தது. ஒரு தாவல் முழுப் பெறுமதியில் எண்ணப்படவில்லை என்று பயிற்றுநர் விசாரித்ததும் 0.1 கூடி 13.766 ஆனது. அதனால் அவர் 13.700 பெற்றிருந்த ருமேனியர் இருவரையும் தாண்டி மூன்றாமிடத்துக்கு வந்தார். பிறகு விளையாட்டு நடுவர் நீதிமன்றம், விசாரணை ஒரு நிமிடத்துக்கு நான்கு செக்கன் பிந்திச் செய்யப்பட்டது என்று கூறி அந்த 0.1 ஐ நீக்கியது. சைல்ஸ் தரப்பு அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. ஓர் எழுத்தின் வேறுபாடும் நான்கு செக்கனும் ஒரு பதக்கத்தை மூன்று பேருக்கிடையில் அலையவிட்டன.

எங்கள் பிள்ளைகளின் போட்டியிலும் இதே விதியா?

சில போட்டிகளில் சர்வதேச விதி அப்படியே, பலவற்றில் வயதுக்கு ஏற்பச் சுருக்கிய விதி. அறிவித்தலில் எழுதியிருப்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலுள்ள கணக்கைப் பொருத்த வேண்டும். சர்வதேச விதிநூலும் ஒலிம்பிக்கோடு நான்காண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. எழுத்துகள் ஏறி இறங்கும். தோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக மில்கா கெஹானி ஆடியபோது இருந்த நூல் இப்போது நடைமுறையில் இல்லை.

பிள்ளையைக் கைத்தொலைபேசியில் படமெடுக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

சட்டம் 125 சென்ரிமீற்றர் உயரம். தொலைபேசியை அந்த உயரத்தில், சட்டத்தின் நடுவுக்கு நேர் பக்கவாட்டில் பிடியுங்கள். காலரியின் மேலிருந்து எடுத்தால் கால்விரிவு எப்போதும் கூடுதலாகவே தெரியும். பிறகு நடுவரோடு மனதுக்குள் சண்டை. தாவலின் உச்சத்தில் நிறுத்தி, இரண்டு தொடைக்கும் இடையிலான கோணத்தைப் பாருங்கள். 180 இலிருந்து 20 பாகை வரை குறைந்தால் 0.1, 20 க்கும் 45 க்கும் இடையில் குறைந்தால் 0.3. அடுத்து முழுச்சுற்றில் குதிகால் இறங்கும் கணத்தில் நிறுத்தி, இடுப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, பிளிக்குக்கும் லேஅவுட்டுக்கும் இடையில் கை விரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். நான் இப்படித்தான் அவளுடைய தொடரை மறுபடி பார்த்தேன். சுற்றில் குதிகால் இறங்கிய கணத்தில் இடுப்பு இன்னும் ஒரு இருபது பாகை திரும்ப வேண்டியிருந்தது. பத்துப் பாகை முந்தியிருந்தால் 11.55 அல்ல, 10.95.